குத்தகை நடுவில் வந்த நாய்க்குட்டி: நிபந்தனையை எப்படி எழுதுவது?

*"கிளிநொச்சி கனகபுரத்தில் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டை ஒரு வங்கி உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு இரண்டு வருடக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறேன். நொத்தாரிசிடம் எழுதியது. மாதம் 30,000 ரூபா, முற்பணம் 90,000. எட்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. இப்போது பிள்ளைக்காக நாய்க்குட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். படலையடிக்கு வரும் கட்டாக்காலி நாய்க்கும் சோறு வைக்கிறார்களாம். பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்க்கிறவ. கிணறு இரண்டு வளவுக்கும் பொது. 'நாயை அனுப்பச் சொல்லு' என்று எனக்குப் போனுக்கு மேல் போன். உறுதியில் பிராணிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்ல குடும்பம், விட மனமில்லை. இடையில் ஒரு நிபந்தனை சேர்க்கலாமா? எப்படி எழுதினால் எல்லாருக்கும் நியாயமாக இருக்கும்?"*

*வாசகி, கிளிநொச்சி*

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்க்கலாம். ஆனால் அவர்கள் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால்தான் அது நிபந்தனை. நீங்கள் தனியே எழுதி அனுப்பும் கடிதம் வெறும் வேண்டுகோள்தான். "நாயை அனுப்புங்கள்" என்று சொல்லும் உரிமையும் இன்றைய நிலையில் உங்களிடம் இல்லை. குடியிருக்க வீட்டைக் கொடுத்தால், வழமையாக மனிதர் எப்படிக் குடியிருப்பார்களோ அப்படிக் குடியிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வன்னியில் ஒரு வளவில் நாய் நிற்பது வழமைக்கு மாறானது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாடுவது கடினம்.

அதற்காக நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. நம் நாட்டுக் குத்தகைகளுக்கு அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டம், உறுதியில் எழுதாவிட்டாலும் குடியிருப்பவர்மீது இரண்டு கடமைகளை வைக்கிறது. வீட்டைக் கவனமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். திருப்பித் தரும்போது, சாதாரணத் தேய்மானம் நீங்கலாக, வாங்கிய நிலையிலேயே தர வேண்டும். நீங்கள் எழுதப்போகும் நிபந்தனை இந்தக் கடமைகளுக்கு அளவும் நாளும் குறிப்பதாக இருக்கட்டும். அப்படி இருந்தால் குடியிருப்பவர்கள் கையெழுத்து வைக்கத் தயங்குவது குறைவு. புதிதாக ஒரு தடை கொண்டுவருகிறீர்கள் என்று அவர்களுக்குத் தோன்றினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

முதலில் கையெழுத்து எந்த வடிவில் என்பதைப் பார்ப்போம். இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசுக்கும் குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடப்பட வேண்டும். உங்கள் மூல உறுதி அப்படி எழுதப்பட்டது. அதைத் திருத்தும் பத்திரமும் அதே வடிவில் இருப்பதே பாதுகாப்பு. வட்ஸ்அப்பில் "சரி அக்கா" என்று வந்த பதில் நாளை ஒரு பிணக்கில் துணைச் சான்றாகலாம். இரண்டு வருட உறுதியின் நிபந்தனையை மாற்றப் போதாது. மூல உறுதியை எழுதிய நொத்தாரிசிடமே போவது சுகம். புதிய பத்திரத்துக்குத் "திருத்த உடன்படிக்கை" என்று பெயரிட்டு, மூல உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றையும் முதல் பந்தியிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். "மேற்படி உறுதியின் மற்றெல்லா ஏற்பாடுகளும் மாற்றமின்றித் தொடரும்" என்ற வரி தவறாமல் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், பழைய உறுதி முழுவதும் புதிதாகப் பேசப்பட்டது என்று ஒரு பக்கம் வாதாட இடமாகும்.

வீடு உங்கள் சீதனம் என்கிறீர்கள். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இது பழைய சட்டம். பெண்ணின் சொத்துக்குக் கணவரின் கையெழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் இன்றுவரை நடைமுறையில் இருக்கும் சட்டம் இதுதான். மூல உறுதியில் உங்கள் கணவரின் சம்மதம் எப்படிப் பதியப்பட்டிருக்கிறது என்று பார்த்து, திருத்த உடன்படிக்கையிலும் அப்படியே செய்யுங்கள். கணவர் காணாமற்போயிருந்தால், அல்லது சம்மதம் பெற முடியாத நிலையில் இருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வழி உண்டு.

இதை வாசிக்கும் வேறு வீட்டுக்காரர்களுக்காக ஒன்று. கிராம அலுவலர் முன்னாலோ சமாதான நீதவான் முன்னாலோ இரண்டு வருடத்துக்கு எழுதிய கடதாசியை வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அந்த முத்திரையும் ஒப்பமும் அதை நொத்தாரிசு உறுதியாக ஆக்காது. சட்டத்தின் பார்வையில் அது பெரும்பாலும் மாதாந்த வாடகையாகவே நிற்கும். அப்படிப்பட்டவர்கள் இரு பக்கமும் ஒப்பமிட்ட ஒரு எளிய கடிதத்திலேயே பிராணி நிபந்தனையை எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே காரணத்தால் அவர்களுடைய "இரண்டு வருடம்" உறுதியானதல்ல என்பதையும் இரு பக்கமும் உணர வேண்டும்.

இனி வாசகங்களுக்கு வருவோம். உங்கள் நிலைமையில் மிகவும் கவனம் தேவைப்படுவது "பிராணி" என்ற சொல்தான். "வீட்டில் ஒரு நாய் வைத்திருக்கலாம்" என்று மட்டும் எழுதினால் படலையடியில் சோறு தின்னும் கட்டாக்காலி எந்தக் கணக்கு? நாளை அது அக்காவின் கோழியைப் பிடித்தால் "அது எங்கட நாய் இல்லை" என்பார்கள். அக்காவோ "நீங்கள்தானே சோறு வைக்கிறீர்கள்" என்பார். இரண்டும் உண்மை. ஆகவே பிராணியை, அது யாருடையது என்பதைக் கொண்டு வரையறுக்காமல், அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதைக் கொண்டு வரையறுக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"இவ்வுடன்படிக்கையில் வளர்ப்புப் பிராணி என்பது, குடியிருப்பவரோ அவரது வீட்டாரோ இந்த வளவுக்குள் அல்லது அதன் படலையடியில் தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேல் உணவளிக்கும் அல்லது இரவு தங்கவிடும் எந்த நாயையும் பூனையையும் குறிக்கும்."

அவர்கள் இதை வாசித்தால் தெருநாயைப் பற்றித் தாங்களே ஒரு முடிவுக்கு வருவார்கள். சோறு வைப்பதை நிறுத்தலாம். அல்லது அதற்கும் தடுப்பூசி போட்டு, தங்கள் நாயாக ஏற்றுக்கொள்ளலாம். இரண்டும் அக்காவுக்கு இன்றைய நிலையைவிட நல்லது. ஆடு, கோழி, முயல் போன்றவற்றை இந்த வரையறைக்குள் இழுக்காதீர்கள். "வேறு பிராணி எதையும் வளர்க்க முன் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் பெற வேண்டும்; நியாயமான காரணமின்றிச் சம்மதம் மறுக்கப்படாது" என்று ஒரே வரியில் விட்டுவிடலாம். எண்ணிக்கையையும் இங்கேயே குறிப்பிடுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட குட்டியை நிறம், அடையாளம் சொல்லி எழுதி, அது குத்தகை முடியும்வரை இருக்கலாம் என்று வெளிப்படையாக உறுதி கொடுங்கள். அவர்கள் உங்களிடமிருந்து பெறும் பெரிய பயன் இதுதான். நம் சட்டத்தில் ஒப்பந்தம் செல்லுபடியாக எதிர்ப்பயன் கட்டாயமில்லை. இரு பக்கமும் மனமறிந்து இணங்கியது போதும். ஆனாலும் எதையும் கொடுக்காமல் கேட்டால் யாரும் மனமறிந்து இணங்கமாட்டார்கள்.

அடுத்தது வேலி. இதை எழுத முன் ஒருமுறை நேரில் போய், வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். முள்ளுக்கம்பி வேலி மாட்டை மறிக்கும், நாயை மறிக்காது. கம்பிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் குட்டி போய்விடும். படலைக்கடியில் நான்கு விரல் இடைவெளி இருந்தால் போதும், மணலைப் பறித்து வெளியே போக அதற்கு அரை மணித்தியாலம் ஆகாது. இப்படிப்பட்ட வேலியைக் கொடுத்துவிட்டு "நாய் வளவுக்கு வெளியே போகக் கூடாது" என்று எழுதினால், நிறைவேற்ற முடியாத கடமையைக் குடியிருப்பவர் தலையில் வைக்கிறீர்கள். முதல் மீறலிலேயே "உங்கட வேலிதான் காரணம்" என்ற பதில் வரும், அதில் நியாயமும் இருக்கும்.

நான் சொல்லும் ஏற்பாடு: அக்காவின் வளவுப் பக்கமும் படலைப் பக்கமும் மட்டும், இருக்கும் வேலியின் அடியில் மூன்றரை அடி உயரக் கோழிக்கம்பி வலை அடியுங்கள். அதில் அரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். புதைக்காமல் தரையோடு விட்ட வலையை நாய் ஒரே கிழமையில் கிளப்பிவிடும். படலைக்கடியில் ஒரு பலகையோ சீமெந்துப் படியோ போட்டால் அந்த வழியும் அடைபடும். வலை வாங்கும் செலவு உங்களுடையது, அடித்து முடிக்கும் கூலி அவர்களுடையது என்று பிரித்துக்கொள்ளலாம். வலை குத்தகை முடிந்தபின்னும் உங்கள் வளவிலேயே இருக்கும் என்பதால் இந்தப் பிரிப்பு யாருக்கும் நட்டமில்லை. வாசகம்:

"வீட்டுக்காரர் இத்திகதியிலிருந்து 21 நாட்களுக்குள் கிழக்கு வேலிக்கும் படலைப் பக்கத்துக்கும் தேவையான கம்பி வலையை வாங்கிக் கொடுப்பார். குடியிருப்பவர் அதைப் பெற்று 14 நாட்களுக்குள் பொருத்துவார். அதன்பின் குத்தகை முடியும்வரை அதில் ஏற்படும் ஓட்டைகளை அடைத்து வைப்பார். வலை பொருத்தியபின் வளர்ப்புப் பிராணி, கயிற்றிலோ சங்கிலியிலோ பிடித்தபடி அன்றி, வளவுக்கு வெளியே விடப்படலாகாது."

"கிழக்கு" என்ற இடத்தில் உங்கள் வளவுக்குரிய திசையைப் போடுங்கள். "நாயை எப்போதும் சங்கிலியில் கட்டி வைக்க வேண்டும்" என்று எழுதச் சொல்லி அக்கா கேட்கக்கூடும். தயவுசெய்து எழுத வேண்டாம். முழு நாளும் ஒரே இடத்தில் கட்டிய நாய் போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். நாளடைவில் கிட்டப் போகிற பிள்ளையையும் கடிக்கும். அந்தச் சீவனுக்கும் அது கொடுமை. அக்கா கேட்பது அமைதி. சங்கிலி அதற்கு நேர்மாறானதைத்தான் கொடுக்கும்.

கிணற்றைப் பற்றி எழுதும்போது தூரத்தைச் சொல்லுங்கள். "கிணற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்" என்பது யாரையும் கட்டுப்படுத்தாது. கிணற்றடிச் சீமெந்தில் வைத்து நாயைக் குளிப்பாட்டினால் அந்தத் தண்ணீர் வெடிப்புகள் வழியே திரும்பக் கிணற்றுக்குள்ளேதான் இறங்கும். மணற்பாங்கான தரையில் இது இன்னும் விரைவாக நடக்கும். "பொதுக் கிணற்றிலிருந்து 25 அடிக்குள் வளர்ப்புப் பிராணியைக் குளிப்பாட்டவோ கட்டி வைக்கவோ கூடாது, அதன் பாத்திரங்களைக் கிணற்றடியில் கழுவக் கூடாது, கிணற்று வாளியால் அதற்கு நேராகத் தண்ணீர் வார்க்கக் கூடாது" என்று எழுதினால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது பிள்ளைக்கும் விளங்கும். வளவு சிறியதாக இருந்து 25 அடி கிடைக்காவிட்டால், கிணற்றுக்கு எதிர்மூலையை இடமாகக் குறித்துவிடுங்கள்.

மலத்தை ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்லி எழுதுவது நல்லது. நாயின் குடலில் இருக்கும் கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையில் அந்தப் புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும் பருவத்தை அடைகின்றன. தோலுக்கடியில் வளைந்து வளைந்து போகும் சிவந்த கோடும் தாங்க முடியாத கடியும் இதனால் வருவதுதான். நம் வளவுகளில் பிள்ளைகள் செருப்பில்லாமல்தான் விளையாடுகிறார்கள். நாளாந்தம் அள்ளினால் முட்டை பொரிக்க முன்பே மண்ணைவிட்டுப் போய்விடும். கிழமைக்கொருமுறை அள்ளினால் காலம் கடந்துவிடும். அள்ளியதைக் கிணற்றுக்கு எதிர்மூலையில் ஓரடி ஆழத்தில் புதைக்க வேண்டும், வேலிக்கு மேலால் எறியக் கூடாது என்று சேர்த்துவிடுங்கள்.

குரைப்பைப் பற்றி எழுதுவதில் நிதானம் தேவை. "குரைக்கக் கூடாது" என்பது நிறைவேறாத வாசகம். அது நியாயமானதும் அல்ல. களவு, பாம்பு, காட்டுப்பன்றி என்று நாய் குரைத்துக் காப்பாற்றிய வீடுகள் இங்கே அதிகம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வரும் ஊர்களில் குரைக்காத நாயை யாரும் விரும்பமாட்டார்கள். தடுக்க வேண்டியது, யாரும் கவனிக்காமல் விட்ட நாயின் ஓயாத குரைப்பை. "இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் 15 நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து குரைத்தால் குடியிருப்பவர் எழுந்து காரணத்தைப் பார்த்து அமைதிப்படுத்துவார், ஓரிரவுக்கு மேல் வீட்டார் எல்லாரும் வெளியூர் போவதாயின் பிராணியைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்வார்" என்பது போதும். வங்கி உத்தியோகத்தர் குடும்பம் என்றால் நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போவார்கள். அந்த நாட்களில்தான் அக்காவின் போன் உங்களுக்கு அதிகம் வரும். ஆகவே இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வீட்டுக்காரரின் தயவாக எழுத வேண்டியதில்லை. அது ஏற்கெனவே சட்டம். 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சி மன்றத்தில் ஒவ்வொரு வருடமும் பதிய வேண்டும். உங்களுக்கு அது கரைச்சிப் பிரதேச சபை. பதிவுக்குத் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். சுகாதாரத் திணைக்களத்தின் இலவச ஊசி நாள் எப்போது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள். "தடுப்பூசி அட்டையின் பிரதியை ஊசி போட்டு 14 நாட்களுக்குள் வீட்டுக்காரருக்குக் கொடுப்பார், வருடந்தோறும் புதுப்பிப்பார்" என்று எழுதுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் செய்ய வேண்டியதையும் இதிலேயே சேர்க்கலாம். காயத்தை உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நாயைக் கொல்லாமல், விரட்டாமல், 14 நாள் கட்டி வைத்துப் பார்க்க வேண்டும். பயத்தில் நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அல்லது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால், அதற்கு விசர் இருந்ததா என்று பார்த்தறியும் வாய்ப்பையும் அதோடு இழந்துவிடுகிறோம்.

முற்பணத்தில் கை வைக்க ஆசை வரும். நாய்க்கென்று இன்னொரு 30,000 கேட்கலாமா என்று யோசித்தால், குத்தகை நடுவில் அதைக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை. கேட்டு வாங்கினாலும் பயன் குறைவு. 90,000 ரூபா, அதாவது மூன்று மாத வாடகை, உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாய்க்குட்டி செய்யக்கூடிய சேதம் பெரும்பாலும் கதவின் கீழ்ப்பகுதியைப் பிறாண்டுவது, நுளம்பு வலையைக் கிழிப்பது, சுவரின் அடியில் சிறுநீர்க் கறை படியவிடுவது. இவை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். தொகையைக் கூட்டுவதைவிட, இன்றைய நிலையைப் பதிந்து வைப்பதுதான் உங்களைக் காக்கும். நீங்களும் குடியிருப்பவரும் சேர்ந்து ஒவ்வொரு கதவின் கீழ் இரண்டடியையும், ஒவ்வொரு யன்னல் வலையையும், அறைகளின் சுவரடியையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அச்சடித்து, பின்பக்கத்தில் இருவரும் திகதியோடு ஒப்பமிட்டு, ஒவ்வொருவரும் ஒரு தொகுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தீர்க்கும் நாளில், பழைய பூச்சு மங்கியிருந்தால் அது தேய்மானம், அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதே கதவில் நகக்கீறல் மரம்வரை போயிருந்தால் அது சேதம், அந்தக் கதவைச் சீர்செய்யும் உண்மைச் செலவு மட்டும் பற்றுச்சீட்டோடு கழிக்கப்படும். "வீடு முழுவதும் திரும்பப் பெயின்ற் அடிக்கும் செலவு" என்று எழுதாதீர்கள். ஒரு கதவுக்கு ஒரு வீட்டின் செலவைக் கேட்கும் வாசகம் தண்டமாகத் தோன்றும், நிற்காது.

முற்பணத்திலிருந்து அக்காவின் கோழிக்குக் காசு கொடுப்பதாகவும் எழுத வேண்டாம். முற்பணம் உங்கள் வீட்டுக்கு. நாய் பிறருக்குச் செய்த கேட்டுக்கு நம் சட்டம் நாயின் உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லாத வழக்கு வகையும் உண்டு. "வளர்ப்புப் பிராணியால் அயலவருக்கு ஏற்படும் நட்டத்தைக் குடியிருப்பவர் அயலவருடன் பேசி 14 நாட்களுக்குள் தீர்ப்பார், வீட்டுக்காரர் அதற்குப் பொறுப்பாளி அல்லர்" என்ற வரி உங்களை நடுவிலிருந்து விலக்கிவிடும். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது.

மீறினால் என்ன என்பதைப் படிகளாக எழுதுங்கள். முதல் முறை எழுத்தில் அறிவித்தல், என்ன நடந்தது, எந்தத் திகதியில் என்ற விபரத்தோடு. சரிசெய்ய 14 நாள். அதே குறை 6 மாதத்துக்குள் மூன்றாம் முறையும் நடந்தால், பிராணியை 30 நாட்களுக்குள் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அதையும் செய்யாவிட்டால்தான் குத்தகை மீறலாகக் கொள்ளப்படும். நாய் குரைத்த முதல் இரவே குத்தகையை முறிக்கலாம் என்று எழுதிய உறுதியைக் காட்டிலும் இந்த ஏணிதான் நீதிமன்றத்தில் நிற்கும். பிராணியை மாற்றுவதை முதலிலும் குடும்பத்தை மாற்றுவதைக் கடைசியிலும் வைத்திருப்பதால், நீங்கள் விட விரும்பாத அந்தக் குடும்பமும் நிற்கும். எந்தப் படியிலும் படலையைப் பூட்டுவது, தண்ணீர்க் குழாயை மூடுவது, மின்சாரத்தை வெட்டுவது வேண்டாம். அப்படி வெளியேற்றப்பட்டவரின் பிணக்கு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் போனால், இரண்டு மாதத்துக்குள் இழந்த இருப்பை நீதவான் திருப்பிக் கொடுக்கலாம். பிறகு உங்கள் நியாயம் கேட்பாரற்றுப் போகும்.

இதை எல்லாம் நேரே நொத்தாரிசிடம் கொண்டுபோகாதீர்கள். ஒரு பக்கத்துக்கு மேற்படாத வரைவாகக் குடியிருப்பவரிடம் முதலில் கொடுத்து, பத்து நாள் யோசிக்க விடுங்கள். அவர்கள் மாற்றச் சொல்வது பெரும்பாலும் குரைப்பு நேரமும் வலைக் கூலியுமாகத்தான் இருக்கும். அதில் விட்டுக் கொடுக்கலாம். வரையறை, கிணற்றுத் தூரம், தடுப்பூசி மூன்றையும் விட வேண்டாம். நொத்தாரிசின் கட்டணத்தை யார் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். நிபந்தனையைக் கேட்பவர் நீங்கள் என்பதால், அது உங்களுடையதாக இருப்பதே மரியாதை.

கடைசியாக அக்கா. அவர் உங்கள் குத்தகையில் ஒரு தரப்பு அல்ல. அதைக் காட்டி அவர் நேரடியாக எதையும் கோர முடியாது. நீங்களும் "நாயை அனுப்பிவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அது உங்கள் கையில் இல்லாத காரியம். சாட்சியாகவும் அவரைப் போடாதீர்கள். நாளை பிணக்கில் அவரே முறைப்பாட்டுக்காரராக வரக்கூடும். உறுதியின் பிரதியைக் கொடுக்காமல், அவரோடு சம்பந்தப்பட்ட நான்கு விடயங்களை மட்டும் வாயால் சொல்லுங்கள்: வலை எப்போது அடிக்கப்படும், கிணற்றடியில் என்ன செய்யமாட்டார்கள், ஊசி போட்டாயிற்று, முறைப்பாடு இருந்தால் திகதியும் நேரமும் குறித்து முதலில் யாரிடம் சொல்ல வேண்டும். குடியிருப்பவரின் சம்மதத்தோடு அவருடைய தொலைபேசி எண்ணை அக்காவிடம் கொடுத்துவிட்டால் உங்கள் போன் பாதியாய்க் குறையும். அதோடு ஒன்றை மெல்ல நினைவூட்டுங்கள். அவருடைய கோழிகளும் வேலிக்கடியால் உங்கள் வளவுக்குள் மேய வருகின்றன. நாய் வெளியே போய்ப் பிடித்த கோழிக்கு நட்டம் கேட்கலாம். நாய் நிற்கும் வளவுக்குள் தானே வந்து அகப்பட்ட கோழிக்குக் கேட்பது அவ்வளவு எளிதல்ல. மண்ணுக்குள் அரை அடி புதைத்த அந்த வலை கோழியையும் மறிக்கும். ஆகவே அடிக்கிற நாளில் அவரையும் வேலியடிக்குக் கூப்பிட்டு, எந்த ஓட்டையால் கோழி வருகிறது என்று அவரிடமே கேளுங்கள்.